கால்வட்டத் தகடு, வட்டக்கோணப்பகுதி: சென்ட்ராய்டைத் தொகையிட்டுக் கண்டுபிடிக்கும் முறை

எந்த மெக்கானிக்ஸ் புத்தகத்தின் சென்ட்ராய்டு அட்டவணையைப் புரட்டினாலும் கால்வட்டத்துக்கு நேரே 4R/3π என்றும், வட்டக்கோணப்பகுதிக்கு நேரே 2R sin α / 3α என்றும் இருக்கும். முதலாண்டு மாணவர்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். ஆனால் அந்தத் தூரம் எங்கிருந்து எந்தத் திசையில் அளக்கப்பட்டது, α என்பது முழுக்கோணமா பாதிக்கோணமா என்று கேட்டால் பலருக்குக் குழப்பம். இவற்றை ஒருமுறை தாமே வருவித்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. வருவிப்பும் பெரிய வேலையில்லை, இரண்டும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

சென்ட்ராய்டு என்பது தகட்டின் பரப்பு மையம். தகடு முழுக்க ஒரே தடிமனும் ஒரே பொருளுமாக இருந்தால் அதுவே அதன் ஈர்ப்பு மையமும் ஆகும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும் தகட்டுக்குக் கீழே வரும் சூத்திரங்கள் பொருந்தாது.

வேலையின் அமைப்பு எல்லா வடிவங்களுக்கும் ஒன்றுதான். தகட்டை மெல்லிய துண்டுகளாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் பரப்பையும் அந்தத் துண்டின் மையம் அச்சிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். பெருக்கற்பலன்களையெல்லாம் கூட்டி மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும்.

```
x̄ = ∫ xₑ dA / A
ȳ = ∫ yₑ dA / A
```

இதில் dA என்பது ஒரு துண்டின் பரப்பு. xₑ, yₑ இரண்டும் அந்தத் துண்டினுடைய மையத்தின் ஆயங்கள். மேலே இருக்கும் தொகைக்குப் பரப்பின் திருப்புத்திறன் என்று பெயர். இந்தக் கணக்கில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை தொகையிடும்போது நடப்பவை அல்ல. துண்டை நறுக்கியபின் அதன் மையம் எங்கே என்று யோசிக்காமல் எழுதிவிடுவதில்தான் நடக்கின்றன. ஆகவே ஒவ்வொரு கணக்கிலும் ஒரு துண்டைப் பெரிதாக வரைந்து, அதன் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பிறகு தொகைக்குறி போடுங்கள்.

## கால்வட்டம்: செங்குத்துப் பட்டைகளாக நறுக்குதல்

வட்டத்தின் மையத்தை ஆதிப்புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். கால்வட்டத்தின் இரண்டு நேர்விளிம்புகளும் x, y அச்சுகளின் மேல் கிடக்கட்டும். ஆரம் R. வளைந்த விளிம்பில் உள்ள எந்தப் புள்ளிக்கும் x² + y² = R², அதாவது y = √(R² − x²).

பரப்பைத் தொகையிட்டுக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. முழுவட்டத்தின் நான்கில் ஒரு பங்கு என்பது தெரிந்ததே: A = πR²/4. தேர்வில் சிலர் இதற்கும் x = R sin θ என்று பிரதியிட்டு அரைப்பக்கம் செலவழிக்கிறார்கள். கேள்வி அதைக் கேட்காதவரை அது வீண்.

ஆதியிலிருந்து x தூரத்தில் dx அகலமுள்ள ஒரு செங்குத்துப் பட்டையை எடுங்கள். அதன் அடி x அச்சில் இருக்கிறது, தலை வளைவைத் தொடுகிறது. ஆகவே உயரம் y, பரப்பு y dx. பட்டையின் மையம் எங்கே? அகலம் மிகக் குறைவு என்பதால் கிடைமட்டத் தூரம் x. செங்குத்தாகப் பார்த்தால் பட்டையின் பாதி உயரம், அதாவது y/2. இரண்டையும் படத்தில் குறித்துக்கொண்டு ȳ-ஐ முதலில் கண்டுபிடிக்கலாம்.

```
∫ yₑ dA = ∫ (y/2)(y dx) = ½ ∫ (R² − x²) dx      [0 முதல் R வரை]
        = ½ (R³ − R³/3) = R³/3

ȳ = (R³/3) / (πR²/4) = 4R/3π ≈ 0.4244 R
```

y இரண்டுமுறை பெருக்கப்பட்டதால் வர்க்கமூலம் தானாகவே மறைந்துவிட்டது. பிரதியீடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. x̄-க்கு அந்த வசதி இல்லை, வர்க்கமூலம் நிற்கும். ஆனால் u = R² − x² என்று வைத்தால் du = −2x dx, வெளியே நிற்கும் x அதில் அப்படியே கரைந்துவிடும்.

```
∫ xₑ dA = ∫ x √(R² − x²) dx      [0 முதல் R வரை]
        = ½ ∫ √u du              [0 முதல் R² வரை]
        = ½ · (2/3) R³ = R³/3
```

அதே R³/3. ஆகவே x̄ = ȳ = 4R/3π. கால்வட்டம் 45° கோட்டைப் பொறுத்துச் சமச்சீரானது என்பதால் இரண்டும் சமமாக வந்தே ஆக வேண்டும். அந்தக் காரணத்தை எழுதி x̄-ஐத் தொகையிடாமல் விடவும் செய்யலாம். ஆனால் முதல்முறை கற்பவர்கள் இரண்டையும் செய்துபாருங்கள். வெவ்வேறு வழிகளில் போய் ஒரே விடை வருவதைவிட நல்ல சரிபார்ப்பு கிடையாது.

இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான்: yₑ இருக்க வேண்டிய இடத்தில் y/2-க்குப் பதிலாக y என்று எழுதிவிடுவது. விடை இரட்டிப்பாகி 0.8488R என்று வரும். இது தவறு என்பதைத் தொகையைத் திரும்பப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கால்வட்டத்தில் மேலே போகப்போக அகலம் குறைந்துகொண்டே வருகிறது. பொருள் கீழ்ப்பக்கம் கூடுதலாகவும் மேல்பக்கம் குறைவாகவும் இருப்பதால் மையம் பாதி உயரத்துக்குக் கீழேதான் இருக்க முடியும், அதாவது 0.5R-க்குக் குறைவு. கீழ் எல்லையும் உண்டு. இரண்டு விளிம்பு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் உள்ளே ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும், அதன் மையம் R/3 உயரத்தில். கால்வட்டத்தில் அந்த முக்கோணத்துக்கு வெளியே ஒரு புடைப்பு கூடுதலாக இருக்கிறது, அது மையத்தை வெளிப்பக்கம் இழுக்கும். ஆகவே விடை 0.333R-க்கும் 0.5R-க்கும் இடையில் விழ வேண்டும். 0.4244R விழுகிறது.

## கையால் ஒரு சரிபார்ப்பு

தொகைக்குறியை நம்பாதவர்களுக்காக R = 10 செ.மீ. எடுத்து ஐந்தே பட்டைகளில் கூட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு பட்டையும் 2 செ.மீ. அகலம். நடுக்கோடுகள் x = 1, 3, 5, 7, 9. அந்த இடங்களில் உயரங்கள் முறையே 9.950, 9.539, 8.660, 7.141, 4.359.

உயரங்களின் கூட்டுத்தொகை 39.65, அதை 2-ஆல் பெருக்கினால் பரப்பு 79.30. உண்மையான பரப்பு 78.54. ȳ-க்கான திருப்புத்திறன் ஒவ்வொரு பட்டைக்கும் (y/2) × 2y, அதாவது y². அவை 99, 91, 75, 51, 19. கூட்டினால் 335. சூத்திரப்படி R³/3 = 333.3. ஆக ȳ = 335/79.30 = 4.22 செ.மீ. சூத்திரம் தருவது 4.24. ஐந்து பட்டைகளுக்கு இது போதும்.

இதே பட்டைகளை வைத்து x̄ கண்டுபிடித்தால் 4.32 வருகிறது. தகடு சமச்சீராக இருக்கும்போது இரண்டு விடைகள் ஏன் என்று கேட்கலாம். தகடு சமச்சீரானது, நாம் நறுக்கிய விதம் சமச்சீரானதல்ல. x = 10-க்கு அருகில் வளைவு ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. அங்கே 2 செ.மீ. அகலப் பட்டைக்கு நடுவில் அளந்த உயரம் அதன் உண்மையான சராசரி உயரத்தைவிட அதிகம். அந்தப் பிழை x = 9 என்ற பெரிய தூரத்தால் பெருக்கப்படுவதால் x̄ கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது. பட்டைகளை மெலிதாக்க ஆக்க இரண்டும் 4.24-ஐ நோக்கி வந்துவிடும்.

## வட்டக்கோணப்பகுதி: முக்கோணங்களாக நறுக்குதல்

வட்டக்கோணப்பகுதிக்கும் செங்குத்துப் பட்டையையே பிடித்துக்கொண்டு போனால் சிக்கல். கூர்முனையிலிருந்து R cos α வரை பட்டையின் தலையும் அடியும் நேர்விளிம்புகளில் இருக்கும். அதற்கு அப்பால் இரண்டும் வளைவில் இருக்கும். ஆகவே தொகையை இரண்டாக உடைத்து வெவ்வேறு எல்லைகள் போட வேண்டியிருக்கும். முடியாதது அல்ல, ஆனால் தேவையில்லாத வேலை. இந்த வடிவத்துக்கு இயல்பான வெட்டு கூர்முனையிலிருந்து விசிறியாகப் பிரியும் முக்கோணங்கள்.

முதலில் அச்சைச் சரியாக வையுங்கள். கூர்முனை ஆதிப்புள்ளி. கோணத்தை இரண்டாகப் பிளக்கும் கோடு x அச்சு. முழுக்கோணம் 2α என்று வைத்துக்கொண்டால் பகுதி −α முதல் +α வரை விரிந்திருக்கும். இப்படி வைத்தால் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சமச்சீர் என்பதால் ȳ = 0. ஒரே ஒரு தொகைதான் மீதி.

x அச்சுக்கு θ கோணத்தில், dθ அளவு மட்டும் விரிந்த ஒரு மெல்லிய துண்டை எடுங்கள். அதன் இரண்டு பக்கங்கள் R, அடிப்பக்கம் R dθ. அதை முக்கோணம் என்று கொண்டால் பரப்பு ½ R² dθ. அடிப்பக்கம் உண்மையில் சிறு வில் என்பதால் இப்படிக் கொள்வது சரியா என்று தோன்றலாம். விட்டுப்போவது வில்லுக்கும் நாணுக்கும் இடையில் உள்ள ஒரு சில்லு. துண்டோடு ஒப்பிட்டால் அதன் பங்கு ஏறத்தாழ dθ²/6. ஒரு பாகை அகலத் துண்டுக்கே அது இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். dθ பூச்சியத்தை நெருங்கும்போது அது மறைந்துவிடும்.

துண்டின் மையம் எங்கே? இங்கேதான் கவனம் வேண்டும். முக்கோணத்தின் மையம் உச்சியிலிருந்து நடுக்கோட்டின் மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில் இருக்கும். துண்டின் பாதி நீளத்தில் அல்ல. ஆகவே கூர்முனையிலிருந்து தூரம் 2R/3, அதன் x ஆயம் (2R/3) cos θ.

```
∫ xₑ dA = ∫ (2R/3) cos θ · ½ R² dθ      [−α முதல் α வரை]
        = (R³/3) · 2 sin α

A = ∫ ½ R² dθ = R² α

x̄ = 2R sin α / 3α
```

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். எல்லா முக்கோணங்களின் மையங்களும் 2R/3 ஆரமுள்ள ஒரு வில்லின் மேல், ஒரே சீராக அடுக்கியதுபோல் இருக்கின்றன. ஆகவே தகட்டின் மையமும் 2R/3 ஆரத்தில் வளைத்த ஒரு கம்பியின் மையமும் ஒன்றே. r ஆரமுள்ள வில்வடிவக் கம்பிக்குச் சூத்திரம் r sin α / α. அதில் r = 2R/3 போட்டால் நம் விடை. தகட்டுக்கும் கம்பிக்கும் விடைகளைக் குழப்பிக்கொள்பவர்கள் இந்த 2/3-ஐ நினைவில் வைத்தாலே போதும். கம்பியில் பொருள் முழுவதும் விளிம்பில் இருக்கிறது, தகட்டில் உள்ளேயும் பரவியிருக்கிறது. ஆகவே தகட்டின் மையம் எப்போதும் கூர்முனைக்கு நெருக்கம்.

இரட்டைத் தொகையீடு படித்தவர்கள் r, θ ஆயங்களில் நேராகப் போகலாம். அப்போது துண்டின் பரப்பு dr dθ அல்ல, r dr dθ. அந்த r-ஐ விட்டுவிடுவது மிக வழக்கமான தவறு. மேலே மட்டும் விட்டால் விடை sin α / α என்று நீள அலகே இல்லாமல் வரும், பார்த்தவுடன் பிடித்துவிடலாம். மேலேயும் கீழேயும் விட்டால்தான் ஆபத்து. R sin α / 2α என்று, பார்க்க ஒழுங்கான ஒரு விடை வரும். அதைப் பிடிக்க α-ஐ மிகச் சிறிதாக்கிப் பாருங்கள். sin α / α ஒன்றை நெருங்கும், விடை R/2 ஆகும். ஆனால் ஒல்லியான வட்டக்கோணப்பகுதி ஒரு ஒல்லி முக்கோணம்தானே, அதன் மையம் 2R/3-இல் இருக்க வேண்டும். முக்கோணத் துண்டின் மையத்தைப் பாதி நீளத்தில் வைத்தவர்களுக்கும் இதே தவறான விடைதான் வரும், இதே சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

## α என்றால் பாதிக்கோணம்

கால்வட்டமும் ஒரு வட்டக்கோணப்பகுதிதான். ஆகவே புதிய சூத்திரம் பழைய விடையைத் தர வேண்டும். முழுக்கோணம் 90°, எனவே α = 45° = π/4 = 0.7854.

```
x̄ = 2R × 0.7071 / (3 × 0.7854) = 0.6002 R
```

முன்பு வந்தது 0.4244R, இப்போது 0.6002R. இரண்டும் முரண்படவில்லை. 0.6002R என்பது கூர்முனையிலிருந்து 45° கோட்டின் வழியே அளந்த தூரம். 0.4244R என்பது நேர்விளிம்பிலிருந்து செங்குத்தாக அளந்த தூரம். 0.6002 × cos 45° = 0.4244.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது, நன்றாகப் படிப்பவர்களையும் அது பிடித்துவிடும். α-ஐ முழுக்கோணம் என்று எண்ணி 90° போட்டால் என்ன வரும்?

```
2R × 1 / (3 × π/2) = 4R/3π
```

மனப்பாடம் செய்த அதே எண். “விடை வந்துவிட்டது” என்று பேனாவை வைத்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் கண்டுபிடித்தது அரைவட்டத்தின் மையம். எண் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. அரைவட்டம் என்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கால்வட்டங்கள். இரண்டின் மையங்களும் விட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருப்பதால் சேர்ந்தபின்னும் உயரம் மாறாது. ஆனால் அந்த 4R/3π-ஐக் கால்வட்டத்தின் 45° கோட்டில் குறித்தால் புள்ளி (0.30R, 0.30R)-இல் விழும். அது தவறான இடம். விடையை எழுதும்போது எண்ணோடு நிறுத்தாமல் “எந்த விளிம்பிலிருந்து” அல்லது “எந்தக் கோட்டின் வழியே” என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் இந்தப் பொறியில் விழ மாட்டீர்கள்.

சூத்திரத்தில் கீழே நிற்கும் α ரேடியனில் இருக்க வேண்டும். 45 என்று பாகையிலேயே போட்டால் R = 30 செ.மீ. தகட்டின் மையம் கூர்முனையிலிருந்து 3 மி.மீ. தூரத்தில் இருப்பதாக விடை வரும். அபத்தம் கண்ணில் படும். கால்குலேட்டரில் சைனுக்குப் பாகை அமைப்பை வைத்துக்கொண்டு, கீழே நிற்கும் α-க்கு மட்டும் ரேடியனைத் தனியாக எழுதிப் போடுவது புதியவர்களுக்குப் பாதுகாப்பான வழக்கம்.

## 60° தகடு ஒன்று, எண்களோடு

ஆரம் 30 செ.மீ., முழுக்கோணம் 60°. மையத்தை இரண்டு விதமாகக் கண்டுபிடிப்போம்.

முதலில் சமச்சீர்க் கோட்டின் வழியே. α = 30° = 0.5236 ரேடியன்.

```
x̄ = 2 × 30 × 0.5 / (3 × 0.5236) = 19.10 செ.மீ.
```

எல்லையைப் பாருங்கள். மிக ஒல்லியான பகுதிக்கு 20 செ.மீ., கால்வட்டத்துக்கு 18.01 செ.மீ. 60° இடையில் இருப்பதால் 19.10 பொருத்தமாக இருக்கிறது.

ஆனால் பட்டறையில் தகட்டின் நடுக்கோட்டை யாரும் வரைந்து கொடுப்பதில்லை. ஒரு விளிம்பை மேசை ஓரத்தில் வைத்து அங்கிருந்துதான் அளப்பார்கள். ஒரு நேர்விளிம்பை x அச்சாக வைத்து, β = 60° என்று கொண்டு 0 முதல் β வரை தொகையிட்டால்:

```
x̄ = 2R sin β / 3β         = 60 × 0.8660 / 3.1416 = 16.54 செ.மீ.
ȳ = 2R (1 − cos β) / 3β   = 60 × 0.5 / 3.1416    =  9.55 செ.மீ.
```

முதல் சூத்திரம் பழையதைப் போலவே தோன்றினாலும் ஒன்றல்ல. இங்கே β முழுக்கோணம், தூரம் விளிம்பின் வழியே. இரண்டு முறைகளும் ஒத்துப்போகின்றனவா? சமச்சீர்க் கோடு விளிம்புக்கு 30°-இல் இருக்கிறது. 19.10 × cos 30° = 16.54, 19.10 × sin 30° = 9.55. ஒத்துப்போகின்றன.

180°-ஐத் தாண்டினாலும் சூத்திரம் செல்லும். ஒரு கால்வட்டத்தை வெட்டியெடுத்த வட்டத்தின் மீதிக்கு முழுக்கோணம் 270°, α = 135° = 2.3562. விடை 0.2001R. இதைத் தொகையிடாமலும் சரிபார்க்கலாம். முழுவட்டத்தின் மையம் வட்டமையத்திலேயே இருக்கிறது, அதாவது வெட்டிய துண்டும் மீதித் துண்டும் அங்கே ஒன்றையொன்று சமன்செய்கின்றன. மீதியின் பரப்பு வெட்டியதைப்போல் மூன்று மடங்கு, ஆகவே அதன் தூரம் மூன்றில் ஒரு பங்கு, எதிர்ப்பக்கத்தில். 0.6002 ÷ 3 = 0.2001.

## வேறு இரண்டு சரிபார்ப்புகள்

அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் பெயரால் வழங்கும் தேற்றம் ஒன்று உண்டு. ஒரு தகட்டை, அதை வெட்டாத ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் உருவாகும் கன அளவு, தகட்டின் பரப்பையும் அதன் மையம் சுற்றிய பாதையின் நீளத்தையும் பெருக்கியதற்குச் சமம். கால்வட்டத்தை ஒரு விளிம்பைச் சுற்றிச் சுழற்றினால் அரைக்கோளம். அதன் கன அளவு பள்ளிப் பாடம்: (2/3)πR³.

```
(2/3) π R³ = (π R²/4) × 2π ȳ
ȳ = 4R/3π
```

ஒரே வரியில் முடிந்துவிட்டது. தேர்வில் “தொகையிட்டுக் காண்க” என்று கேட்டால் இதை விடையாக எழுத முடியாது, ஓரத்தில் சரிபார்க்கப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, அட்டையும் நூலும். 20 செ.மீ. ஆரத்தில் தடித்த அட்டையைக் கால்வட்டமாக வெட்டுங்கள். செங்கோண மூலையில் தொங்கவிட்டால் நூல் 45° கோட்டில் விழும். அது சமச்சீரை மட்டும் காட்டும், தூரத்தைச் சொல்லாது. ஆகவே நேர்விளிம்பும் வளைவும் சந்திக்கும் முனையில், ஓரத்தை ஒட்டி, சின்ன ஊசித்துளை போட்டுத் தொங்கவிடுங்கள். அதே ஊசியில் ஒரு நூலில் கனமான நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாக விடுங்கள். நூல் மறு நேர்விளிம்பைக் கடக்கும் இடத்தைக் குறியுங்கள். செங்கோண மூலையிலிருந்து அந்தக் குறியின் தூரம் R ȳ / (R − x̄), அதாவது 14.7 செ.மீ.-க்கு அருகில் இருக்க வேண்டும். மேலே சொன்ன பொறியில் விழுந்து 45° கோட்டில் 0.4244R-இல் குறித்தவரின் கணக்குப்படி அது 8.6 செ.மீ. வரும். இரண்டுக்கும் இடையில் 6 செ.மீ. வித்தியாசம் இருப்பதால் கைப்பிழையைக் காரணம் சொல்லித் தப்ப முடியாது. அட்டை ஊசியில் இறுகாமல் தாராளமாக ஆட வேண்டும். துளை விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே போய்விட்டால் குறியும் நகர்ந்துவிடும்.

## சதுரத்தில் கால்வட்டம் போக மீதி

இந்த விடைகள் தனியாகக் கேட்கப்படுவதைவிட வேறு வடிவங்களில் கழிக்கப்படும் துண்டாகத்தான் அதிகம் வரும். R பக்கமுள்ள சதுரத்திலிருந்து, ஒரு மூலையை மையமாகக் கொண்ட R ஆரக் கால்வட்டத்தை வெட்டியெடுத்தால் எதிர்மூலையில் குழிந்த ஒரு துண்டு மிஞ்சும். அதன் மையத்துக்கு மீண்டும் தொகையிட வேண்டாம். ஆனால் மையத் தூரங்களை நேரடியாகக் கழிக்கவும் கூடாது. 0.5R − 0.4244R என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. கழிக்க வேண்டியவை திருப்புத்திறன்களும் பரப்புகளும்.

```
சதுரத்தின் திருப்புத்திறன்    = R² × R/2 = R³/2
கால்வட்டத்தின் திருப்புத்திறன் = R³/3
மீதி                         = R³/6

மீதிப் பரப்பு = R² − πR²/4 = 0.2146 R²

x̄ = ȳ = (R³/6) / (0.2146 R²) = 0.777 R
```

இது வெட்டிய மூலையின் பக்கங்களிலிருந்து, அதாவது வட்டமையத்தின் வழியே போகும் அச்சுகளிலிருந்து அளந்தது. மீதித் துண்டு இருக்கும் எதிர்மூலையின் பக்கங்களிலிருந்து அளந்தால் 0.223R. அட்டவணைகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான் இருக்கும், எடுத்துப் போடுமுன் அங்குள்ள படத்தில் அச்சு எந்த மூலையில் இருக்கிறது என்று பாருங்கள். R = 30 செ.மீ. சதுரத்துக்கு முதல் தூரம் 23.3 செ.மீ., இரண்டாவது 6.7 செ.மீ. புள்ளி வட்டமையத்திலிருந்து 23.3 × 1.414 = 32.9 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஆரத்தைவிட அதிகம் என்பதால் வெட்டிய இடத்துக்குள் விழாமல் மீதித் தகட்டின் மேலேயே விழுகிறது, அங்கே ஒரு துளை போட்டுத் தொங்கவிடலாம்.